எதிர்மறையான x = −1 சரியான விடை, நேர்மறையான x = 5 தவறான விடை: எப்படி?

பொங்கோல் அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகள் உயர்நிலை மூன்றில் கூடுதல் கணிதம் படிக்கிறாள். பள்ளியில் கொடுத்த அடுக்கு, மடக்கைச் சமன்பாடுகளுக்கான பயிற்சித்தாளைக் கைப்பேசியில் படமெடுத்து இணைத்திருக்கிறேன். தாளின் நடுவே மடிப்பு விழுந்திருப்பதால் எட்டாம் கேள்வி படத்தில் தெளிவாக இல்லை. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று எங்களுக்கு ஐயமுள்ள கேள்விகளை மட்டும் இங்கே தட்டச்சு செய்கிறேன்.

```
3.  log₂(1 − x) + log₂(3 − x) = 3
5.  4^(x+1) + 7(2^x) = 2
8.  log₂ x ² = 4
9.  logₓ(3x − 2) = 2
```

மூன்றாம் கேள்வியில் அவளுக்கு x = 5, x = −1 என்று இரண்டு விடைகள் கிடைத்தன. −1 எதிர்மறை எண் என்பதால் அதன் பக்கத்தில் `rej` என்று எழுதிவிட்டு, 5 தான் விடை என்று முடித்திருக்கிறாள். தாளின் கடைசியில் உள்ள விடைப்பட்டியலோ −1 தான் விடை என்கிறது. ஐந்தாம் கேள்விக்கு அவள் "விடை இல்லை" என்று எழுதியிருக்கிறாள். பட்டியலில் −2 என்று இருக்கிறது. ஒன்பதாம் கேள்விக்குப் பட்டியலில் 2 மட்டுமே உள்ளது. எட்டாம் கேள்வியின் விடை படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டுவிட்டது. தாளைப் பள்ளியில் திரும்ப வாங்கிக்கொண்டதால் மறுபடி படமெடுக்க முடியவில்லை. நான் மடக்கை படித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவளுக்கு விளக்கும் அளவுக்கு எனக்கே முதலில் புரிய வேண்டும்.

செல்வம், உட்லண்ட்ஸ்

வணக்கம் சகோதரி. நான் பொறியாளராக வேலை செய்கிறேன், மடக்கையை அடிக்கடி பயன்படுத்துகிறவன். மடக்கைக்குள் எதிர்மறை எண்ணோ பூச்சியமோ வரக்கூடாது என்பதுதான் அடிப்படை விதி. அதன்படி எதிர்மறை விடையை நீக்கிய உங்கள் மகள் செய்ததுதான் சரி என்று நினைக்கிறேன். இத்தகைய பயிற்சித்தாள்களின் விடைப்பட்டியலில் அச்சுப்பிழைகள் வருவது உண்டு. ஐந்தாம் கேள்வியிலும் −2 என்று போட்டிருப்பதைப் பார்த்தால், பட்டியலைத் தயாரித்தவர் நீக்க வேண்டிய விடைகளை மாற்றி அச்சிட்டுவிட்டார் போலத் தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

செல்வம் அவர்கள் சொன்ன விதி சரி. அதை அவர் பொருத்திய இடம்தான் சரியில்லை. மடக்கைக்குள் இருப்பது நேர்மறையாக இருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. x நேர்மறையாக இருக்க வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. மடக்கைக்குள் x மட்டும் தனியாக நிற்கும் கேள்விகளில் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பாடம் தொடங்கும்போது பிள்ளைகள் செய்யும் கணக்குகளில் பெரும்பாலானவை அந்த வகை என்பதால், "எதிர்மறை வந்தால் நீக்கு" என்ற பழக்கம் கையில் ஒட்டிக்கொள்கிறது. மூன்றாம் கேள்வி அந்தப் பழக்கத்தைச் சோதிப்பதற்காகவே அமைக்கப்பட்டது என்று கருதுகிறேன்.

கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

```
log₂[(1 − x)(3 − x)] = 3
(1 − x)(3 − x) = 8
x² − 4x − 5 = 0
(x − 5)(x + 1) = 0
```

இப்போது இரண்டு எண்களையும் இருபடிச் சமன்பாட்டில் இடாமல், கேள்வித்தாளில் அச்சாகியிருக்கும் முதல் வரியிலேயே இட வேண்டும். x = −1 என்றால் 1 − x என்பது 2 ஆகிறது, 3 − x என்பது 4 ஆகிறது. log₂ 2 என்பது 1, log₂ 4 என்பது 2, கூட்டினால் 3. எந்தக் குறையும் இல்லை. x = 5 என்றால் 1 − x என்பது −4, 3 − x என்பது −2. இவ்விரண்டுக்குமே மடக்கை கிடையாது. ஆகவே நீக்க வேண்டியது 5.

அடுத்ததாக உங்கள் மகள் கேட்க வேண்டிய கேள்வி, தப்பே செய்யாமல் போட்ட கணக்கில் இந்த 5 எங்கிருந்து வந்தது என்பது. அது இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தும்போது வரவில்லை. இரண்டு மடக்கைகளை ஒன்றாகச் சேர்த்த முதல் வரியிலேயே நுழைந்துவிட்டது. கேள்வியில் இருந்த வடிவம், 1 − x, 3 − x ஆகிய இரண்டும் தனித்தனியே நேர்மறையாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. அதாவது x என்பது 1ஐவிடச் சிறியதாக இருக்க வேண்டும். சேர்த்த பிறகு உள்ள வடிவமோ அவற்றின் பெருக்கற்பலன் நேர்மறையாக இருந்தால் போதும் என்கிறது. இரண்டுமே எதிர்மறையாக இருந்தாலும் பெருக்கற்பலன் நேர்மறைதான் அல்லவா? ஆகவே x என்பது 3ஐவிடப் பெரியதாக உள்ள எண்களுக்கும் புதிதாகக் கதவு திறந்துவிடுகிறது. −4ஐயும் −2ஐயும் பெருக்கினால் 8 வருவதால், 5 அந்தக் கதவு வழியாக வந்து இருபடிச் சமன்பாட்டில் முறையான விடையாகவே உட்கார்ந்துவிட்டது.

`rej` என்று மட்டும் எழுதி விட்டுவிடாமல், "x = 5 எனில் 1 − x = −4, மடக்கை இல்லை" என்று ஒரு வரி எழுதும்படி மகளிடம் சொல்லுங்கள். அந்த வரியை எழுத முயன்றிருந்தால் −1ஐ நீக்கக் காரணம் கிடைக்காமல் அவளே நின்றிருப்பாள்.

செல்வம், உட்லண்ட்ஸ்

விளக்கத்திற்கு நன்றி ஐயா, மூன்றாம் கேள்வியில் அச்சுப்பிழை இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஒரு துணைக்கேள்வி. ஒவ்வொரு விடையையும் முதல் வரியில் இட்டு, இடப்பக்கம் முழுவதையும் கணக்கிட்டு, வலப்பக்கத்துடன் சமமாகிறதா என்று பார்க்கத்தான் வேண்டுமா? தேர்வு நேரத்தில் அது நீளுமே.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

பொருந்தாத விடையைக் கண்டுபிடிக்க அவ்வளவு வேண்டியதில்லை. இடையில் உள்ள வரிகள் பிழையில்லாமல் இருந்தால், மடக்கைக்குள் உள்ள ஒவ்வொரு கோவையும் நேர்மறையாகிறதா என்று பார்த்தாலே போதும். சமம் என்பது தானாக வந்துவிடும். ஆனால், இடையில் ஒரு குறியைத் தவறாக எழுதியிருந்தால் அந்தப் பிழையை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு முழு மதிப்பையும் கணக்கிட்டுத்தான் ஆக வேண்டும். இவை வெவ்வேறு நோக்கமுள்ள இரண்டு சோதனைகள். நேரம் குறைவாக இருந்தால் முதலாவதைக் கட்டாயம் செய்ய வேண்டும். இரண்டாவதை நேரம் இருந்தால் செய்யலாம்.

அங் மோ கியோ தந்தை

எங்கள் வீட்டிலும் இதே சிக்கல்தான் என்பதால் இங்கேயே கேட்கிறேன். என் மகனுக்கு வந்த கேள்வி ln x + ln(x − 3) = ln 5. சூத்திரத்தின்படி 4.19, −1.19 என்று இரண்டு விடைகள் வந்தன. ஆசிரியர் ஐயா சொல்வதுபோல அவன் முதல் வரியில் இட்டுச் சோதித்தான். −1.19ஐ இட்டபோது கணிப்பான் `Math ERROR` காட்டியது. 4.19ஐ இட்டபோது இடப்பக்கம் 1.607 என்றும் வலப்பக்கம் 1.609 என்றும் வந்தன. இரண்டும் சமமில்லை என்று சொல்லி அதையும் நீக்கிவிட்டு, விடையே இல்லை என்று எழுதிவிட்டான். சோதித்துப் பார்த்ததால்தான் மதிப்பெண் போனது என்று இப்போது சோதனையின் மேலேயே அவனுக்குக் கோபம்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

உங்கள் மகன் இரண்டு சோதனைகளையும் ஒன்றாகக் கலந்துவிட்டான். துல்லியமான விடை (3 + √29)/2. அது 4.1925… என்று முடிவில்லாமல் போகும். அதை மூன்று இலக்கங்களுக்குச் சுருக்கிவிட்டு 4.19ஐ இட்டால் சமம் வராதது இயல்பே. மூன்றாம் தசம இடத்தில் தெரியும் அந்த வேறுபாடு சுருக்கியதால் மட்டுமே வந்தது. பொருந்துகிறதா என்று அறிய அவன் பார்க்க வேண்டியிருந்தது குறியை மட்டுமே: 4.19 நேர்மறை, அதிலிருந்து 3ஐக் கழித்தால் வரும் 1.19உம் நேர்மறை, ஆகவே அந்த விடை நிற்கும். மதிப்பையும் ஒப்பிட விரும்பினால், சுருக்காத எண்ணைக் கணிப்பானின் நினைவகத்தில் வைத்துக்கொண்டு அதை இட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரு பக்கமும் கணிப்பான் காட்டும் இலக்கங்கள் வரை ஒத்துவரும்.

பொங்கோல் அம்மா

மூன்றாம் கேள்வி எனக்கே இப்போது தெளிவாகிவிட்டது, மகளும் படித்தாள். மிக்க நன்றி ஐயா. ஐந்தாம் கேள்வியில் அவள் எழுதிய வரிகளைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்துத் தருகிறேன். 2^x என்பதை u என்று எடுத்துக்கொண்டு 4u² + 7u − 2 = 0 என்று எழுதியிருக்கிறாள். அதிலிருந்து u = 1/4, u = −2. இரண்டாவதன் பக்கத்தில் `rej`. அதன் கீழே x = −2 என்று எழுதி அதையும் அடித்துவிட்டு, "ஏற்கெனவே நீக்கப்பட்டது" என்று குறித்திருக்கிறாள். இதில் எந்த இடத்தில் தவறு என்று எனக்குத் தெரியவில்லை.

ஜேசி மாணவி

வணக்கம் ஆன்ட்டி. இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் என் தோழிகளில் சிலரும் இதே இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். உங்கள் மகளின் கணக்கு கடைசி வரி வரைக்கும் முற்றிலும் சரியாக இருக்கிறது. 4^(x+1) என்பதை 4 × (2^x)² என்று பிரித்து 4u² ஆக்கியதும் சரி; (4u − 1)(u + 2) என்று காரணிப்படுத்தினால் வரும் 1/4, −2 ஆகிய இரண்டும் சரி; u = −2 என்பதை நீக்கியதும் சரி, ஏனென்றால் 2ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் எதிர்மறை எண் வராது.

அடுத்ததாக 2^x = 1/4 என்பதைத் தீர்த்தால் x = −2 வருகிறது. இந்த −2 வேறு, முன்பு நீக்கிய −2 வேறு. நீக்கியது u-வின் மதிப்பு, கிடைத்தது x-இன் மதிப்பு. இரண்டும் ஒரே எண்ணாக அமைந்தது இந்தக் கேள்வியில் நேர்ந்த தற்செயல். கேள்வியை அமைத்தவர் வேண்டுமென்றே செய்திருக்கவும் கூடும். 2^x எதிர்மறையாக முடியாது, ஆனால் x தாராளமாக எதிர்மறையாகலாம். முதல் வரியில் இட்டுப் பாருங்கள்: x = −2 எனில் 4^(−1) என்பது 1/4, 7 × 2^(−2) என்பது 7/4, கூட்டினால் 8/4, அதாவது 2. பொருந்துகிறது.

நான் பின்பற்றும் வழி என்னவென்றால், நீக்கும் இடத்தில் u என்று எழுதாமல் 2^x = −2 என்று மறுபடி விரித்து எழுதிவிட்டு, அதன் பக்கத்தில் 2^x > 0 என்று காரணத்தைக் குறிப்பேன். அப்படி எழுதினால் எதை நீக்கினோம் என்பது கண்முன் இருக்கும், பின்னால் குழப்பம் வராது.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

அருமையாகச் சொன்னாய் அம்மா. இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மூன்றாம் கேள்வியில் மடக்கைகளைச் சேர்த்தபோது கதவு திறந்தது. இங்கே 2^x-க்குப் பதிலாக u-வை வைத்தபோது அது திறந்தது, ஏனென்றால் 2^x நேர்மறையாகத்தான் இருக்கும், u என்ற எழுத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் u எடுத்துக்கொள்ளும் வரியிலேயே u > 0 என்று எழுதிவிடுவது நல்லது. 2^x = 1/4 என்ற வரியிலிருந்து x = −2 என்ற வரிக்குப் போகும்போது எந்தக் கதவும் திறப்பதில்லை; அங்கே நீக்குவதற்கு எதுவும் இருக்க முடியாது.

செல்வம், உட்லண்ட்ஸ்

எட்டாம் கேள்வியை யாரும் தொடவில்லையே. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மடிப்பு சரியாக x-ஐ ஒட்டிப் போகிறது. மேலே இருக்கும் சிறிய 2 அடுத்து நிற்பது x-க்கா, அல்லது மடிப்பில் மறைந்துபோன ஓர் அடைப்புக்குறிக்கா என்று சொல்ல முடியவில்லை. log₂(x²) என்று எடுத்துக்கொண்டு, அடுக்கை முன்னால் கொண்டுவந்து 2 log₂ x = 4 என்று எழுதினேன். அப்படியானால் log₂ x = 2, x = 4. ஒரே விடை, நீக்குவதற்கு ஏதும் இல்லை.

ஜேசி மாணவி

அண்ணா, நீங்கள் எடுத்துக்கொண்ட வாசிப்பின்படியே பார்த்தாலும் ஒரு விடை விடுபட்டிருக்கிறது. x = −4 என்று இட்டால் x² என்பது 16, log₂ 16 என்பது 4. முதல் வரி முழுமையாகப் பொருந்துகிறதே.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

உண்மை. இதுவரை நாம் பார்த்தவற்றில் வேண்டாத விடை உள்ளே வந்தது; இங்கே வேண்டிய விடை வெளியே போய்விட்டது. log₂(x²) என்பதற்கு x பூச்சியமாக இல்லாமல் இருந்தால் போதும். அதை 2 log₂ x என்று எழுதியவுடன் x நேர்மறையாக இருக்க வேண்டும் என்ற கூடுதல் கட்டுப்பாடு வந்துவிடுகிறது, அதில் −4 அடிபட்டுப்போகிறது. இதில் கடினமான செய்தி என்னவென்றால், கடைசியில் செய்யும் எந்தச் சோதனையும் இந்தப் பிழையைக் காட்டாது, ஏனென்றால் சோதிப்பதற்கு அந்த விடையே தாளில் இருக்காது. அதனால் இரட்டைப்படை அடுக்கு மடக்கைக்குள் இருந்தால் அதை முன்னால் இழுக்காமல், x² = 2⁴ என்று நேரடியாக அடுக்கு வடிவத்துக்கு மாற்றி, x = 4, x = −4 என்று இரண்டையும் பெறுவதே பாதுகாப்பானது.

மறைந்திருப்பது அடைப்புக்குறிதான் என்றால் கேள்வி (log₂ x)² = 4 ஆகிவிடும். அப்போது log₂ x என்பது 2 அல்லது −2, ஆகவே x = 4 அல்லது x = 1/4. மடக்கையின் மதிப்பு எதிர்மறையாக இருக்கலாம் என்பதால் இரண்டுமே நிற்கும். 4 என்பது இரு வாசிப்புகளுக்கும் பொதுவாக வருகிறது, மற்றொரு விடைதான் மாறுகிறது. x-க்குப் பின் இடைவெளி சற்று அதிகமாக இருப்பதால் என் கண்ணுக்கு அடைப்புக்குறி இருந்திருக்கலாம் என்றே படுகிறது, ஆனால் அதை நம்பி விடை சொல்ல மாட்டேன். வகுப்பில் வேறொருவரின் தாளைப் பார்த்தால்தான் தீரும்.

பொங்கோல் அம்மா

மகள் இரண்டு வாசிப்புகளுக்கும் விடை எழுதி வைத்துக்கொண்டாள். தோழியிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்பதாம் கேள்வியில் அவளுக்கு x = 1, x = 2 என்று வந்திருக்கிறது. பட்டியலில் 2 மட்டும் இருப்பதற்குக் காரணம் கேட்கிறாள்.

அங் மோ கியோ தந்தை

இதில் இரண்டுமே சரி என்று நான் நினைக்கிறேன். x² = 3x − 2 என்பதிலிருந்து 1, 2 ஆகிய இரண்டும் வருகின்றன. x = 1 எனில் 3x − 2 என்பது 1, நேர்மறை. அடிமானமும் 1, அதுவும் நேர்மறை. 1ஐ வர்க்கப்படுத்தினால் 1 வருகிறது, சமன்பாடு மெய்யாகிறது. இந்த இழையில் சொல்லப்பட்ட குறிச்சோதனையில் இது தேறிவிட்டதே.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

குறிச்சோதனையில் தேறிவிட்டது என்பது மெய்தான். மாறி அடிமானத்தில் நிற்கும்போது இன்னொரு நிபந்தனையும் உண்டு: அடிமானம் 1 ஆக இருக்கக் கூடாது. காரணத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அடிமானம் 1 ஆக உள்ள மடக்கை என்பது, 1ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 1 வரும் என்ற கேள்வி. 2 என்று சொன்னால் சரி; 7 என்று சொன்னாலும் சரி, −5 என்று சொன்னாலும் சரி. ஒரே மதிப்பு இல்லாததால் இடப்பக்கத்தில் எண் என்று ஒன்றே இல்லை. இல்லாத எண்ணை 2-க்குச் சமம் என்று சொல்ல முடியாது. x = 2 எனில் log₂ 4 = 2, அதில் தடையில்லை.

அங் மோ கியோ தந்தை

வரையறை அப்படி என்றால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 1² = 1 என்ற வரி பொய்யில்லை என்பதும் உண்மைதானே? அடுக்கு வடிவத்தில் கேட்டிருந்தால் 1 நின்றிருக்கும், மடக்கை வடிவத்தில் கேட்டதால் விழுகிறது என்றால், மாணவனுக்கு அது நியாயமாகப் படாது.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

நின்றிருக்கும் என்பது சரி. x² = 3x − 2 என்று மட்டும் கேட்டிருந்தால் இரண்டு விடைகளையும் எழுதியே ஆக வேண்டும். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியில் அடிமானத்தின் நிபந்தனை கைநழுவிப்போகிறது, அவ்வளவுதான்.

ஜேசி மாணவி

இதற்காகவே நான் எப்போதும் நிபந்தனைகளை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஒன்பதாம் கேள்விக்கு x > 2/3, x ≠ 1 என்று மேலே எழுதியிருந்தால் 1 வந்த கணமே நீங்கிவிடும், விவாதமே எழாது. மூன்றாம் கேள்விக்கு x < 1 என்று ஒரே சொல்லில் முடிகிறது. கடைசியில் சோதிக்கலாம் என்று விட்டால் தேர்வு அவசரத்தில் மறந்துபோகிறது.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

இந்த இரண்டு கேள்விகளுக்கும் உன் வழி நல்ல வழிதான் அம்மா. ஆனால் மடக்கைக்குள் x² − 5x + 2 போன்ற கோவை நின்றால், நிபந்தனையை எழுதுவதற்கே ஓர் இருபடிச் சமனின்மையைத் தீர்க்க வேண்டும். அதன் எல்லைகளில் √17 வரும், அதைக் கிடைத்த விடைகளோடு ஒப்பிட வேண்டும். கையில் உள்ள இரண்டு எண்களை அந்தக் கோவையில் இட்டுக் குறியைப் பார்ப்பது அதைவிடக் குறுகிய வேலை. நான் வகுப்பில் கடைசிச் சோதனையைத்தான் கற்பித்தேன்.

ஜேசி மாணவி

அத்தகைய கேள்வி வந்தால் நிபந்தனையைத் தீர்க்காமல் x² − 5x + 2 > 0 என்று அப்படியே மேலே எழுதி வைப்பேன் ஐயா, விடை வந்த பிறகு அதில் இடுவேன். ஆனாலும் முதல் வரியில் எழுதுவதை விடமாட்டேன்.